சுவருக்குக் கல் வாங்குவது எப்படி: செங்கல், சிமெண்ட் பிளாக், ஃப்ளை ஆஷ் கல் – ஊத்துக்கோட்டை எல்லைப் பகுதியில் சிறு வீடு கட்டுவோருக்கு

ஊத்துக்கோட்டையில் வீடு கட்டத் தொடங்கும் ஒருவருக்கு மூன்று திசைகளிலிருந்து கல் வந்து சேர்கிறது. திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளிலிருந்தும், எல்லை தாண்டிச் சத்தியவேடு, நாகலாபுரம் பக்கத்திலிருந்தும் செங்கல் வரும். அத்திப்பட்டு அனல் மின் நிலையச் சாம்பலைக் கொண்டு பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்தில் அறுக்கப்படும் ஃப்ளை ஆஷ் கல் வரும். சிமெண்ட் பிளாக் பட்டறை ஏதாவது ஒன்று உங்கள் தெருக்கோடியிலேயே இருக்கும். ஒவ்வொருவரும் ஒரு கல்லுக்கு ஒரு விலை சொல்வார்கள். மேஸ்திரி தமக்குப் பழகிய கல்லைச் சொல்வார். சென்ற ஆண்டு என் தங்கை வீட்டுச் சுவர் வேலையைக் கவனித்துக்கொண்டபோது, இந்தப் பேச்சுகளை ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடுவதற்குத்தான் மிகவும் திண்டாடினேன். அந்த அளவுகோலையும், கல்லைச் சோதிக்கும் முறையையும், கையில் வாங்கி வைக்க வேண்டிய தாள்களையும் வரிசையாக எழுதுகிறேன். தரைத்தளம் மட்டும் உள்ள, ஐந்நூறு அறுநூறு சதுர அடி வீட்டுக்கே இது பொருந்தும்.

1. பாரம் தாங்கும் சுவர் எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் வீடு தூண் எழுப்பிக் கட்டப்படுகிறதா, அல்லது சுவரே தளத்தைத் தாங்கப்போகிறதா என்பதைப் பொறியாளரிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். தூணும் உத்திரமும் பாரத்தைத் தாங்கும் வீட்டில் சுவர் வெறும் மறைப்புதான். அங்கே தரமான எந்தக் கல்லும் போதும். சுவரே தாங்குவதாக இருந்தால், செங்கல்லோ ஃப்ளை ஆஷ் கல்லோ ஒன்பது அங்குலக் கனத்துக்கும், பிளாக் எட்டு அங்குலக் கனத்துக்கும் குறையக் கூடாது. நாலரை அங்குலச் சுவர் அறைகளைப் பிரிப்பதற்கு மட்டுமே. அதன் மேல் தளத்தின் பாரத்தை உட்காரவைக்கக் கூடாது.

சுவரே தாங்கும் வீட்டை ஹாலோ பிளாக்கில் கட்ட விரும்பினால், மூலைகளிலும் சுவர்கள் சந்திக்கும் இடங்களிலும் பிளாக்கின் துளைக்குள் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவது குறித்துப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். அதற்கு அவர் தயங்கினால் ஹாலோ பிளாக்கை விட்டுவிடுங்கள். அடித்தள மட்டத்துக்குக் கீழே ஹாலோ பிளாக் எந்த வீட்டுக்கும் வேண்டாம். அங்கே சாலிட் பிளாக், நன்றாக வெந்த செங்கல், கருங்கல் ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தலாம்.

2. கல் விலையைக் கேளுங்கள். சதுர விலையைக் கணக்கிடுங்கள்

ஒரு செங்கல் பத்து ரூபாய், ஒரு பிளாக் நாற்பத்திரண்டு ரூபாய் என்று கேட்டவுடன் பிளாக் விலை அதிகம் என்று தோன்றும். ஒரு சதுரம், அதாவது நூறு சதுர அடிச் சுவருக்கு எத்தனை கல் ஆகும் என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். அதற்குக் கல்லின் அளவை நீங்களே அளக்க வேண்டும், ஏனெனில் ஒன்பது அங்குலக் கல் என்று சொல்லி எட்டேமுக்கால் அங்குலத்தில் தருவது இந்த வியாபாரத்தில் சாதாரணம். பத்துக் கல்லை நீளவாக்கில் ஒட்டி அடுக்கி டேப்பால் அளந்து பத்தால் வகுத்தால் சரியான சராசரி கிடைத்துவிடும். உயரத்தையும் அவ்வாறே அளந்துகொள்ளுங்கள்.

பத்து மில்லிமீட்டர் கலவை இடைவெளியுடன் கணக்கிட்டால், 230 × 110 × 70 மில்லிமீட்டர் அளவுள்ள செங்கல் ஒன்பது அங்குலச் சுவரில் சதுரத்துக்கு ஏறத்தாழ 970 ஆகும். ஃப்ளை ஆஷ் கல் பெரும்பாலும் 75 மில்லிமீட்டர் உயரம் இருப்பதால் 910 போதும். நாலரை அங்குலச் சுவருக்கு இவற்றில் பாதி. 400 × 200 மில்லிமீட்டர் முகம் உள்ள பிளாக், கனம் எதுவானாலும், சதுரத்துக்கு 108.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளி அளவு இருபது அடிக்கு இருபத்தைந்து அடி, சுவர் உயரம் பத்து அடி, நடுவில் தளத்தைத் தாங்கும் குறுக்குச் சுவர் ஒன்று. வெளிச்சுவரின் சுற்றளவு 90 அடி, ஆகவே 900 சதுர அடி. இரண்டு வாசல்களுக்கும் நாலுக்கு நாலு அடி ஜன்னல்கள் நான்குக்கும் 110 சதுர அடியும், மூலைகளில் இருமுறை எண்ணப்பட்டதற்கு 30 சதுர அடியும் கழித்தால் 760 மிஞ்சும். நடுச்சுவர் கதவு போக 165. இரண்டும் சேர்ந்து ஒன்பதே கால் சதுரம் பாரச் சுவர். குளியலறைக்கும் சமையலறைக்கும் உள்ள நாலரை அங்குலத் தடுப்பு, கதவுகள் போக, 165 சதுர அடி.

செங்கல்லில் உடைசலுக்கு எட்டு விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 10,500 கல் வேண்டும். ஃப்ளை ஆஷ் கல்லில் உடைசல் குறைவு என்பதால் நான்கு விழுக்காடு சேர்த்து 9,500. பிளாக் என்றால் எட்டு அங்குலத்தில் 1,040, நாலு அங்குலத்தில் 185. கணக்குக்காகச் செங்கல் 10 ரூபாய், ஃப்ளை ஆஷ் கல் ஏழரை ரூபாய், எட்டு அங்குல ஹாலோ பிளாக் 42 ரூபாய், நாலு அங்குலம் 28 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கல்லுக்கு மட்டும் முறையே 1,05,000 ரூபாய், 71,250 ரூபாய், ஏறத்தாழ 49,000 ரூபாய் ஆகும். இந்த விலைகளுக்குப் பதிலாக உங்களுக்கு இறக்குக்கூலியுடன் சொல்லப்பட்ட விலைகளைப் போட்டுப் பாருங்கள். கல்லின் எண்ணிக்கை மாறாது.

கலவையிலும் வேறுபாடு உண்டு. ஒன்றுக்கு ஆறு கலவையில் ஒன்பது அங்குலக் கல் சுவர் சதுரத்துக்கு இரண்டரை முதல் மூன்று மூட்டை சிமெண்ட் எடுக்கும். பிளாக் சுவருக்கு ஒரு மூட்டை போதும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் கல் சுவருக்கு 28 மூட்டையும் பிளாக் சுவருக்கு 10 மூட்டையும் ஆகும். மூட்டை 400 ரூபாய் என்றால் மிச்சம் 7,000 ரூபாய்க்கு மேல். ஆயினும் இதை முழு இலாபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளாக் சுவரில் மூலைகளையும் கதவு, ஜன்னல் ஓரங்களையும் நிரப்பும் கான்கிரீட்டும் கம்பியும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

3. வாங்கும் மாதத்தைக் கவனியுங்கள்

செங்கல் வெயிலில் காய்ந்து சூளையில் வேகும் பொருள். தை மாதத்திலிருந்து ஆவணி வரை நல்ல வரத்து இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அறுப்பு நின்று, இருப்பில் உள்ள கல்லுக்கு விலை ஏறும். மழைக்கு முன் அவசரமாக வேகவைத்துத் தள்ளும் கடைசிச் சூளைக் கல்லில் வேகாத கல் மிகுதி. கார்த்திகையில் சுவர் எழுப்பத் திட்டமிருந்தால், புரட்டாசிக்குள் கல்லை வாங்கி அடுக்கித் தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

பிளாக்கும் ஃப்ளை ஆஷ் கல்லும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். ஆனால் இவற்றுக்கு வயதுதான் தரம். சிமெண்ட் பிளாக்கை வார்த்த பின் குறைந்தது 14 நாள் நீராற்றி, பிறகு நான்கு வாரம் காயவைத்தே சுவரில் வைக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவான ஐஎஸ் 2185 சொல்லும் விதி. வார்த்து ஒரு வாரமான பிளாக் கையில் உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் அது சுவருக்குள் சென்ற பின் காய்ந்து சுருங்கும். ஜன்னலின் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல மேலேறும் விரிசலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பூச்சு வேலை முடிந்த பிறகு இந்த விரிசல் தோன்றுவதால் பழி பூச்சுக்காரர் மீது விழுகிறது.

சிமெண்ட் சேர்த்த ஃப்ளை ஆஷ் கல்லும் முழு வலுவை அடைய 28 நாள் எடுக்கும். ஆகவே அஸ்திவார வேலை நடக்கும்போதே பட்டறையில் முன்பணம் கட்டி, உங்களுக்கென்று ஓர் அடுக்கை ஒதுக்கி, அதன் மேல் வார்த்த தேதியைப் பெயின்டால் எழுதச் சொல்லுங்கள். தேதி எழுத மறுக்கும் பட்டறையில் வாங்க வேண்டாம்.

4. பட்டறைக்கும் சூளைக்கும் சென்று சோதியுங்கள்

கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கல்லைச் சோதிப்பதில் பயன் இல்லை. அடுக்கின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் நீங்களே ஐந்தாறு கல் உருவிக்கொள்ளுங்கள். ஒரு சமையலறைத் தராசு அல்லது பழைய பேப்பர்க் கடைத் தராசு இருந்தால் போதும்.

மூன்று வகைக்கும் பொதுவானது தண்ணீர்ச் சோதனை. நன்றாகக் காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, ஈரத்தைத் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். சாதாரணச் செங்கல்லும் ஃப்ளை ஆஷ் கல்லும் தம் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. மூன்று கிலோக் கல் மூன்று கிலோ அறுநூறு கிராமைத் தாண்டக் கூடாது. சிமெண்ட் பிளாக்குக்கு வரம்பு 10 விழுக்காடு. இருபது கிலோ பிளாக் இருபத்திரண்டு கிலோவுக்குள் நிற்க வேண்டும். ஆய்வகத்தில் அடுப்பில் உலர்த்திச் செய்வதைப் போல வீட்டில் துல்லியம் வராது; ஆனால் மோசமான கல்லை விலக்க இது தாராளமாகப் போதும்.

செங்கல்லில் முதலில் இரண்டைத் தட்டி ஓசையைக் கேளுங்கள். கணீரென்று ஒலித்தால் வெந்த கல். மொத்தென்று கேட்டால் வேகாதது அல்லது உள்ளே விரிசல் உள்ளது. நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. பிறகு ஒன்றை உடைத்து உள்ளே பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரிந்தால் அந்தச் சூளையை விட்டு வந்துவிடுங்கள், ஏனெனில் அவை ஈரம் பட்டதும் பூரித்து, பூச்சைக் காசளவு வட்டங்களாகத் தள்ளிவிடும். தண்ணீரில் ஊறவைத்த கல்லை நாலைந்து நாள் வெளியே வைத்தால் இந்தக் கட்டிகள் தாமே வெடித்துக் காட்டிக்கொடுக்கும்.

நம் பகுதியில் தனியாகக் கவனிக்க வேண்டியது உப்பு. பழவேற்காடு ஏரிப் பக்கம் போகப் போக மண்ணிலும் போர்த் தண்ணீரிலும் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு தட்டில் ஓர் அங்குல உயரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கல்லை அதில் செங்குத்தாக நிறுத்தி, தண்ணீர் முழுவதும் உறிஞ்சி வற்றும் வரை விடுங்கள். வற்றிய பின் இன்னொரு முறை ஊற்றுங்கள். கல்லின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் சிறிதளவு படிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் வெள்ளை பூத்துத் தூளாக உதிர்ந்தால், அந்தக் கல்லில் கட்டும் சுவருக்குப் பெயின்ட் நிற்காது.

ஃப்ளை ஆஷ் கல்லில் ஏமாற்று வேறு வகை. வடிவம் அழகாக இருக்கும், ஓரம் கூர்மையாக இருக்கும், ஆனால் உள்ளே பிணைக்கும் பொருள் குறைவாக இருக்கும். காய்ந்த நிலையில் இது தெரியாது. ஒரு நாள் முழுவதும் ஊறிய கல்லின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மாவு போல உதிர்ந்தால் சிமெண்ட் போதவில்லை. ஊறிய அதே கல்லை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டால் உடையாமல் இருக்க வேண்டும். உடைத்த முகத்தில் நிறம் சீராக இல்லாமல் வெள்ளைத் திட்டுகளும் சாம்பல் திட்டுகளும் இருந்தால் கலவை சரியாகச் சுழலவில்லை என்று பொருள்.

ஹாலோ பிளாக்கில் துளையைச் சுற்றியுள்ள சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். எட்டு அங்குலப் பிளாக்கில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வெளி முகம் 30 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. ஒரே நாளில் வார்த்த இரண்டு பிளாக்குகளின் எடையில் ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால், இயந்திரத்தின் அதிர்வு சீராக இல்லை என்று கொள்ளலாம்.

5. தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

எல்லைப் பகுதியில் வாங்குபவர் மிகவும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆந்திரப் பக்கம் ஒரு கல்லுக்கு ஒன்றரை ரூபாய் குறைவு என்று சொல்வார்கள். பில் கேட்டால் வேண்டாம் என்பார்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சரக்கு விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. பதிவு உள்ளவர் தரும் பில்லில் மாநிலங்களுக்கிடையிலான வரி, அதாவது ஐஜிஎஸ்டி, காட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு பில்லின் மதிப்பு வரியுடன் சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் லாரியுடன் வர வேண்டும். அதை எடுக்கும் பொறுப்பை விற்பவரிடமே ஒப்படையுங்கள். மூவாயிரம் செங்கல் கொண்ட ஒரு லோடு பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே இருக்கும், ஆனால் பில் இல்லாமல் எந்த லோடும் வரக் கூடாது. வழியில் அதிகாரிகள் நிறுத்திச் சரக்கைப் பிடித்து வைத்தால், ஓட்டுநர் முதலில் அழைப்பது உங்கள் எண்ணைத்தான். ஒன்றரை ரூபாய் மிச்சம் வாடகையிலேயே கரைந்துவிடுகிறதா என்பதையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலைப்புள்ளித் தாளில் கல்லின் அளவு, எண்ணிக்கை, விலையில் வரி அடங்குமா, வாடகையும் இறக்குக்கூலியும் யார் பொறுப்பு, எத்தனை விழுக்காடு உடைசலை ஏற்பீர்கள் என்ற ஐந்தும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வக அறிக்கை இருக்கிறது என்று சொன்னால், அதன் தேதியையும், பட்டறையின் பெயர் அதில் உள்ளதா என்பதையும் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய அறிக்கையை லேமினேட் செய்து மாட்டி வைத்திருப்பார்கள். இன்று அறுக்கும் கல்லுக்கு அது சான்று ஆகாது. பில்களை வேலை முடியும் வரை வைத்திருங்கள்; வங்கிக் கடனில் வீடு கட்டுபவர்களிடம் அடுத்த தவணைக்கு முன் அவற்றைக் கேட்கக்கூடும்.

6. லோடு இறங்கும்போது அங்கே இருங்கள்

டிப்பரைத் தூக்கிச் செங்கல்லைக் கொட்டினால் உடைசல் எகிறும். கையால் இறக்கி அடுக்கச் சொல்லுங்கள். கூலி கூடினாலும் மிச்சம்தான். அடுக்கை நீளம், அகலம், உயரம் என்று எண்ணிப் பெருக்கினால் எண்ணிக்கை ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். அடுக்கின் நடுவே வெற்றிடம் விட்டிருக்கிறார்களா என்று மேலிருந்து பாருங்கள். தரையில் நேரே அடுக்காமல் பழைய பலகையோ ஜல்லியோ பரப்பி அதன் மேல் அடுக்குங்கள்.

7. மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை

மூன்று கல்லுக்கும் மூன்று விதமான நீர் வழக்கம் உண்டு. எல்லாக் கல்லையும் தொட்டியில் ஊறவைத்துக் கட்டியே பழகிய கொத்தனாருக்கு இதை வேலை தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும். செங்கல்லைத் தண்ணீரில் குமிழி அடங்கும் வரை ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தைக் கல் குடித்துவிடும். ஃப்ளை ஆஷ் கல்லுக்குக் கட்டுவதற்குச் சற்று முன் தண்ணீர் தெளித்தால் போதும். சிமெண்ட் பிளாக்கை ஊறவைக்கவே கூடாது. கலவை படும் முகத்தை மட்டும் லேசாக நனைக்கலாம். ஊறிய பிளாக்கில் கட்டினால், நான்கு வாரம் காயவைத்ததன் பயனே போய்விடும்.

கலவையை அதிக வீரியமாகப் போடுவது நல்லது என்ற எண்ணமும் பிளாக் சுவருக்குக் கேடு. ஒன்றுக்கு மூன்று போட்டால் கலவை கல்லைவிடக் கடினமாகி, விரிசல் இணைப்பு வழியே போகாமல் பிளாக்கையே பிளந்துகொண்டு போகும். ஒன்பது அங்குலச் சுவருக்கும் பிளாக்குக்கும் ஒன்றுக்கு ஆறும், நாலரை அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு நான்கும் போதுமானவை. ஒரே நாளில் நாலடி உயரத்துக்கு மேல் ஏற்ற விடாதீர்கள். சுவர் முழுவதும் ஏழு நாள் நீராற்றல் வேண்டும்; பிளாக் சுவரில் தண்ணீரைக் கலவை இணைப்புகளை நோக்கி அடித்தால் போதும். இதற்கும் கலவைக்கும் உப்புப் போர்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் நல்ல கல்லும் வெள்ளை பூக்கும்.

ஃப்ளை ஆஷ் கல்லின் முகம் வழவழப்பாக இருப்பதால் பூச்சு பிடிக்காது என்ற குறை உண்மைதான். கலவை ஈரமாக இருக்கும்போதே இணைப்புகளைப் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிவிடச் சொன்னால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். தூணும் சுவரும் சேரும் இடத்தில், எந்தக் கல்லானாலும், பூச்சுக்கு முன் கோழிவலை அடிக்க வேண்டும்.

8. எங்கள் பகுதிக்கு என் தெரிவு

சுவரே பாரம் தாங்கும் தரைத்தள வீட்டுக்கு, வயது வந்த ஃப்ளை ஆஷ் கல்லையே நான் முதலில் வைப்பேன். அளவு சீராக இருப்பதால் பூச்சின் கனம் குறைகிறது, விலையும் செங்கல்லுக்குக் கீழே நிற்கிறது, உப்பு மண் தொல்லையும் குறைவு. தூண் வைத்துக் கட்டும் வீட்டுக்குப் பிளாக் மலிவு. ஆனால் வார்த்த தேதியை உறுதி செய்ய முடிந்தால் மட்டுமே. நன்றாக வெந்த, உப்பில்லாத செங்கல் பக்கத்திலேயே கிடைத்தால் அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண் என்று சொல்ல மாட்டேன்; சுவரை வெட்டுவதும் ஆணி அடிப்பதும் அதில்தான் எளிது.

ஹாலோ பிளாக்கைத் தேர்ந்தெடுத்தவர்கள், தொட்டில் கொக்கி, வாஷ்பேசின், சமையலறை அலமாரி, ஜன்னல் கம்பிச் சட்டம் எங்கெங்கே வரும் என்பதைச் சுவர் எழும்பும் முன்பே சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, அந்த வரிசைகளில் மட்டும் சாலிட் பிளாக் வைக்கவோ துளையைக் கான்கிரீட்டால் நிரப்பவோ சொல்ல வேண்டும். எலக்ட்ரீஷியன் குழாய்க்காகச் சுவரை உளியால் கொத்தாமல் கட்டர் வைத்து வெட்ட வேண்டும் என்பதையும், பிளாக் சுவரில் படுக்கைவாட்டில் நீளமாக வெட்டக் கூடாது என்பதையும் அவரிடம் முன்பணம் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.